பூட்டிய கட்டடமும் காப்புறுதியும்

ஆசிரியருக்கு,

கடன் சுமையால் மூடப்படும் கம்பனிகள் பற்றிய தங்கள் பத்திரிகைச் செய்தி, ஊழியர் சம்பளத்தையும் வங்கிக் கடனையும் விரிவாகக் கூறியபோதும் காப்புறுதியைத் தொடவில்லை. கம்பனி முறிவடைந்தவுடன் தீக்காப்புறுதி தானாக முடிந்துவிடும் என்பதோ, கட்டணம் செலுத்தியிருப்பதால் அது எப்படியும் தொடரும் என்பதோ சரியல்ல. காப்புறுதிப் பத்திரத்தின் நிபந்தனைகளே அதனைத் தீர்மானிக்கின்றன. குறிப்பாக, கட்டடம் 30 நாட்களுக்கு மேல் ஆளின்றிக் கிடந்தால், காப்புறுதியாளரின் எழுத்துமூல இணக்கமில்லாதவிடத்துப் பாதுகாப்பு அற்றுப்போகும் என்ற நிபந்தனை பல பத்திரங்களில் உண்டு. நான் கணக்காளராகப் பணியாற்றிய சுன்னாகத்து அரிசி ஆலையொன்று பூட்டப்பட்டு 44ஆம் நாள் தீப்பற்றியபோது, ஆண்டுக் கட்டணம் முழுவதும் செலுத்தப்பட்டிருந்தும், இந்த நிபந்தனையால் இழப்பீடு மறுக்கப்பட்டது. மூடுமுன் மழைச்சேதத்துக்குக் கோரிய தொகை மட்டும் கிடைத்தது; அதுவும், ஆலையை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுத்திருந்த வங்கியின் பெயர் பத்திரத்தில் இருந்தமையால், நேரே வங்கிக்கே சென்றது.

ஆகவே, மூடப்படும் கம்பனியின் சொத்துகளைப் பொறுப்பேற்றுக் கடன்களைத் தீர்க்கும் கலைப்பாளராக நியமிக்கப்படுபவர் முதல் வாரத்திலேயே, பத்திர இலக்கம், நியமனக் கட்டளையின் பிரதி, கட்டடத்தின் தற்போதைய நிலை, திறப்பும் காவலும் யாரிடம் உள்ளன என்ற விபரம், நிலுவையிலுள்ள கோரிக்கைகள் ஆகியவற்றைக் காப்புறுதியாளரின் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பாதுகாப்புத் தொடர்வதற்கான இணக்கத்தையும் மேலதிகக் கட்டணம் உண்டா என்பதையும் எழுத்தில் பெறவேண்டும். முகவருக்குத் தொலைபேசியில் சொல்வது போதாது. நாங்கள் அதை மட்டுமே செய்திருந்தோம்.

ஓய்வுபெற்ற கணக்காளர்,
யாழ்ப்பாணம்.