ஒண்ணா ஏழா

மாப்ள அஸ்ஸலாமு அலைக்கும், நல்லா இருக்கியா, சிங்கப்பூர்ல மழையாம்ல, இங்க கீழக்கரைல காத்து மட்டும்தான், மழைய காணோம். கடிதம் போடுறதுக்கு லேட்டானதுக்கு காரணம் நம்ம தெரு குடியிருப்போர் சங்கம்தான், தண்ணி நோட்டீஸ் டைப் பண்ற வேலைய என் தலைல கட்டிட்டாங்க.

செயலாளர் காக்கா காலண்டர் தாளோட பின்பக்கம் பேனால கிறுக்கி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பிட்டாரு. பாத்தா கடைசி வரில "பைப்புல நேரா மோட்டார் வச்சு உறிஞ்ச" வரைக்கும்தான் தெரியுது, அதுக்கு மேல அவரு கட்டைவிரல். "கூடாது"ங்கிறது விரலுக்கு அடில கெடக்குதுன்னு எனக்கு தெரியும், ஆனாலும் மறுபடி எடுத்து அனுப்ப சொன்னேன், ஏன்னா அதுக்கு பக்கத்துல அபராதம்னு ஏதாச்சும் எழுதிருந்தாருன்னா?

அடுத்த சிக்கல், மேல "ஒருநாள் விட்டு ஒருநாள்"னு போட்டுட்டு கீழ தி, பு, வெ ன்னு கிழமை போட்டிருக்காரு. வெள்ளிக்கு அப்பறம் திங்கள்னா நடுவுல ரெண்டு நாள் காயுது, அப்ப ஒருநாள் விட்டு எங்க வருது? சனங்க ஞாயித்துக்கெழமை குடத்தோட வந்து நிப்பாங்க. அதனால அந்த வரிய தூக்கிட்டு திங்கள், புதன், வெள்ளின்னு முழுசா போட்டேன், "வெ"ய "செ"ன்னு படிக்கிறவங்களும் இருக்காங்கல்ல.

ஆனா என்னய கவுத்தது ஒரு ஒத்த எழுத்துதான். கிழக்குத்தெரு 5.30ல இருந்து ஒன்றரை மணி நேரம், அதுக்கு கீழ மேலத்தெரு, ஆரம்பம் 1ஆ 7ஆன்னு வெளங்கல, காக்கா 1க்கு தலைல கோடு போடுவாரு, 7க்கு நடுவுல போட மாட்டாரு. நான் கணக்கு போட்டேன், ஒரு தெரு வால்வ அடைச்சாத்தான் அடுத்தத தொறப்பாங்க, 5.30ஓட ஒன்றரை சேத்தா 7, அப்ப 7தான், அடிச்சுட்டேன். எதுக்கும் வால்வு தொறக்குற அண்ணன்கிட்ட கேட்டுருவோம்னு போனேன், அவரு சிரிச்சுட்டு, "காலைல கிழக்குத்தெருவுக்கு விட்டாலே மேல்தொட்டி காலியாயிரும் தம்பி, காவிரி லைன்ல தண்ணி ஏறி தொட்டி ரொம்புறதுக்கு மதியமாயிரும், மேலத்தெருவுக்கு 1 மணிக்குத்தான்"னாரு. என் கணக்கு சரி, தொட்டிதான் அதுல இல்ல. நோட்டீஸ் ஒட்டிருந்தேன்னா மேலத்தெரு பூராவும் காலைல காத்து வர்ற பைப்ப பாத்துட்டு என்னயத்தான் திட்டிருக்கும்.

இப்ப காலை, மதியம்னு எழுத்துலயே போட்டு, காக்காவையும் வால்வு அண்ணனையும் படிக்கவச்சு கேட்டுட்டுத்தான் பிரிண்ட் எடுத்தேன். உங்க உம்மா வீடும் மேலத்தெருதான, போன் பண்ணா சொல்லிரு, மதியம் 1 மணி, திங்கள் புதன் வெள்ளி.