கெடு தாண்டினால் க்ளெய்ம் கிடையாதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மாமனாருக்கு ஆரோக்ய சஞ்சீவனி மருத்துவக் காப்பீட்டு பாலிசி இருக்கிறது. அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே தகவல் சொல்லி, க்ளெய்ம் எண்ணும் வாங்கிவிட்டோம். 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை அத்தோடு நிறைவேறியது. ஆவணங்களுக்கான கெடு வேறு: டிஸ்சார்ஜ் ஆன 30 நாளுக்குள் அசல் பில்களைத் தர வேண்டும். இடையில் ஆபரேஷன் காயத்தில் சீழ் பிடித்து அவர் மறுபடியும் ஐசியூவுக்குப் போனார். படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரே அவர்தான். "தேதி தாண்டினால் எடுக்க மாட்டோம்" என்கிறது காப்பீட்டு நிறுவனம்.

பாலிசியில் அந்த 30 நாள் நிபந்தனையின் கீழேயே, பாலிசிதாரரின் கட்டுப்பாட்டை மீறிய காரணத்தால் தாமதமானால் ஆவணங்களை ஏற்கலாம் என்றும் இருக்கிறது. தாமதத்தை மட்டும் காட்டி நியாயமான க்ளெய்மை நிராகரிக்கக் கூடாது என காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை அனுப்பியது. கவுன்டரில் யாரும் இதைச் சொல்வதில்லை.

கெடு முடியும் முன்பே பாலிசியின் அந்த விதிவிலக்கைக் குறிப்பிட்டு, கூடுதலாக 30 நாள் கேட்டு, நிறுவனத்துக்கும் அதன் சார்பில் க்ளெய்மைக் கையாளும் டிபிஏவுக்கும் மின்னஞ்சல் அனுப்பினோம். இரண்டாவது அட்மிஷன் சீட்டு, டாக்டர் சான்றிதழ், கையில் இருந்த பில்களின் நகல் எல்லாம் இணைத்தோம். வாய்மொழியாகக் கேட்டிருந்தால் பதிவே இருந்திருக்காது. மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரட்டும். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போக அதுவும் தேவைப்படும்.

— வாசகர், மதுரை