தம்பி, அந்தப் பதிலை மாற்றி எழுதி அனுப்பிவிட்டேன்

தம்பி,

நாம் செய்த மெஷின் வேலையின் பில்லில் பத்து சதவீதம் குறைக்கச் சொல்லிக் கேட்டாரே, அந்த மன்னார்குடிப் பக்கத்து அரிசி மில்காரருக்கு நீ எழுதி வைத்திருந்த பதில் போகவில்லை. வேறு எழுதி நேற்று அனுப்பினேன். உன்னைக் கேட்காமல் செய்ததற்கு மன்னித்துக்கொள். ஆனால் கேட்டிருந்தால் நீ விட்டிருக்கமாட்டாய். இதை மில்காரர்களும் படிப்பார்கள், அதனால் அவரைப் பற்றி இதற்கு மேல் அடையாளம் சொல்லமாட்டேன். நல்ல மனிதர். கேட்பது அவர் உரிமை.

எனக்கு அந்த ஓட்டிக்காட்டிய சாயங்காலம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. நெல்லின் உமியை நீக்கும் ஷெல்லரில் புது ரப்பர் ரோல் மாட்டி, இடைவெளியைச் சரிசெய்து, ஒரு மூட்டை நெல் விட்டோம். அவர் அரிசியை உள்ளங்கையில் அள்ளி, உமியை ஊதிவிட்டுப் பார்த்தார். "நொய் குறைஞ்சிருக்கே" என்றார். வேலை முடிந்த சீட்டில் கையெழுத்துப் போட்டார். குறை எழுதும் இடம் காலி. ரேட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீ பக்கத்தில்தானே நின்றாய்? அந்தச் சீட்டு உன் பதிலில் ஓர் இடத்திலும் இல்லையே!

அதற்குப் பதிலாக நீ பேரிங் விலை, பெல்ட் விலை, கூலி என்று வரிவரியாகக் கணக்குச் சொன்னாய். அப்படிச் சொன்னால் ஒவ்வொரு வரிக்கும் பேரம் வரும். "அந்த பேரிங் திருச்சியில் கம்மியாச்சே" என்பார். கணக்கு நமக்குள் இருக்க வேண்டியது. பில் 80,000, வரி 18 சதவீதம் 14,400, ஆக 94,400. சாமான் 46,000, ஆள்கூலியும் வண்டியும் 22,000. மிச்சம் 12,000. அவர் கேட்கும் பத்து சதவீதம் 8,000. அவருக்கு அது பத்தில் ஒன்று, நமக்கு மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு.

"பில்லை மாற்றிப் போட்டுத் தருகிறோம்" என்ற வரிதான் என்னைப் பதறவைத்தது. பில் ஜனவரியில் போட்டது. பிப்ரவரி 11-க்குள் ஜிஎஸ்டிஆர்-1 விற்பனைக் கணக்கில் ஏற்றியாகிவிட்டது, 20-க்குள் வரியும் கட்டியாகிவிட்டது. பழையதைக் கிழித்துப் புதிது போட முடியாது, தொகையைக் குறைத்து எழுதித் தரும் கிரெடிட் நோட்தான் வழி. வேலையில் குறை இருந்தால் வரியோடு சேர்த்துக் கிரெடிட் நோட் போடலாம். 8,000-உம் அதற்கான 1,440-உம் இறங்கும். வெறும் தயவுக்காகக் குறைத்தால் வரியைத் தொடாத கிரெடிட் நோட்தான் பாதுகாப்பு. அவர் 86,400 தருவார், 14,400 வரி அப்படியே நிற்கும். குறைப்பதா இல்லையா என்பதை முடிவு செய்யும் முன் இது எந்த வகை என்று அவரிடமே கேட்க வேண்டும். நீ கேட்கவில்லை.

சிறுதொழில் சட்டத்தை எடுத்து மிரட்டியதும் தேவையில்லை. நியாயம் நம் பக்கம்தான்: எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் பணம் தருவது 45 நாளைத் தாண்டக் கூடாது, வேலை முடிந்து 15 நாளுக்குள் குறையை எழுதித் தராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. ஆனால் முதல் கடிதத்திலேயே வட்டியைப் பேசினால் அடுத்த சம்பாவுக்கு வேறு ஆளைக் கூப்பிடுவார். பணம் வராமல் நின்றால் அப்போது எடுப்போம்.

நான் அனுப்பியது இது:

"அண்ணே, வணக்கம். உங்கள் செய்தி பார்த்தேன். ஷெல்லர் வேலை ஓட்டிக்காட்டி, குறையில்லை என்று நீங்கள் கையெழுத்திட்ட சீட்டு இணைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஏதாவது குறை தெரிந்தால் எழுதுங்கள், வந்து பார்த்துச் சரிசெய்கிறோம். குறை இல்லையென்றால் இந்தப் பில்லில் குறைக்க இயலாது. பேசிய ரேட்டுக்கே போட்டிருக்கிறோம், வரியும் கட்டிவிட்டோம். ஒரே தடவையாகக் கொடுப்பது சிரமம் என்றால் பாதி இந்த வாரம், பாதி மாதக் கடைசி. குறுவைக்கு முன் செய்யும் சர்வீஸுக்கு ஐந்து சதவீதம் குறைத்து மதிப்பீட்டிலேயே எழுதித் தருகிறோம்."

"இப்போதைக்கு" என்ற சொல் இல்லை, பார்த்தாயா? நீ அதை இரண்டு இடத்தில் வைத்திருந்தாய். அது நாளை மறுபடி கேட்கச் சொல்வது போல. அடுத்த வேலைக்குக் குறைப்பது வேறு விஷயம்: பில்லிலேயே காட்டிவிட்டால் குறைந்த தொகைக்குத்தான் வரி, கிரெடிட் நோட் வேலையும் இல்லை.

உன் தமிழ் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது, மரியாதையும் அழகு. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். ஆனாலும் ஓர் அரைப் பக்கப் பதிலுக்கு நான்கு முறை "மன்னிக்கவும்" எதற்கு? நாம் எதையும் தவறவிடவில்லையே.

வெள்ளிக்கிழமை வரை அவருக்குப் போன் போடாதே. அவர் கூப்பிட்டால் நீயே பேசு. குறை என்று சொன்னால், என்ன குறை, எந்த மெஷினில், எப்போதிலிருந்து என்று எழுதி வாங்கு. பாதி பாதி என்றால் இரண்டு தேதிகளையும் வாட்ஸ்அப்பில் அவரையே அனுப்பச் சொல். இனி நம் மதிப்பீட்டின் அடியில் "பில் போட்டபின் தொகையில் மாற்றம் இல்லை, 30 நாளில் பணம்" என்று ஒரு வரி சேர்த்துவிடு. அதை நீயே எழுது, நான் திருத்தமாட்டேன்.