முத்திரை குத்திய தாளைக் கொடுப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள்

பெங்களூருவில் ஆதார் முகவரி மாற்றத்துக்கான சான்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தரும் எம்.எல்.ஏ. அலுவலகத்தாருக்கும் கெஜட்டட் அதிகாரிகளின் அலுவலக ஊழியர்களுக்கும்,

வணக்கம். உங்களிடம் சான்று வாங்கியவர்கள், ஆதார் மையத்துக்குப் போகும் முன் அந்தத் தாளைப் போட்டோ எடுத்து எங்களுக்கு அனுப்புகிறார்கள். தப்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. பார்த்துச் சொல்லத்தான் எங்களால் முடியும். திருத்த உங்களால் மட்டுமே முடியும். அதனால்தான் இந்த மடல்.

போன வாரம் ஶ்ரீராமபுரத்தில் வீட்டு வேலை செய்யும் ஒரு பெண்ணின் படிவம் வந்தது. வாடகை வீடு மாறியிருக்கிறார். பெயர் ஆதாரில் உள்ளபடியே இருந்தது, கையெழுத்தும் இருந்தது. ஆனால் உங்கள் முத்திரை முழுவதும் ஒட்டிய படத்துக்குள்ளேயே விழுந்திருந்தது. கையெழுத்தும் முத்திரையும் பாதி படத்திலும் பாதி தாளிலும் படவேண்டும். அப்போதுதான் பிறகு யாரும் படத்தை மாற்றி ஒட்டவில்லை என்பது தெரியும். அடுத்து, சான்று வழங்கிய தேதிக்கான கட்டங்கள் காலி. சான்று அந்தத் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். தேதியே இல்லாத தாளுக்கு எதிலிருந்து கணக்கு வைப்பது? மூன்றாவது, முகவரியில் பெங்களூரு என்று எழுதிவிட்டு, பின்கோடு கட்டத்தில் 635 என்று தொடங்கும் எண். அது கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர் எண், பழக்கத்தில் கை எழுதியது. பெங்களூரு நகருக்குள் எண் 560 என்றுதான் தொடங்கும்.

காலியாக இருந்த தேதியை நாங்கள் நிரப்பக்கூடாது. வேறு மையும் வேறு கையெழுத்தும் பட்டால் தாள் சந்தேகத்துக்குரியதாகிவிடும். பின்கோடின் மேல் அடித்தும் எழுத முடியாது. அடித்தல் திருத்தல் கூடாது என்று அந்தப் படிவமே சொல்கிறது. ஆகவே புதுத்தாள், புதுப்படம், மறுபடி உங்கள் வாசலில் வரிசை, இன்னொரு நாள் கூலி போச்சு. இதில் அவர் செய்த தப்பு ஒன்று. மற்ற இரண்டும் உங்கள் மேசையில் நடந்தவை.

தயவுசெய்து, தாளைக் கையில் கொடுப்பதற்கு முன் உங்கள் ஊழியர் ஒருவர் அதைப் போட்டோ எடுத்து, சான்று வாங்க வந்தவர் எதிரிலேயே பெரிதாக்கிப் பார்க்கட்டும். தாளில் கண் தாண்டிப்போகிற காலிக் கட்டம் திரையில் பெரிதாக்கும்போது அகப்பட்டுவிடும்.

போட்டோ எடுப்பதிலும் கவனம் வேண்டும். ஸ்கேனர் ஆப்பில் கறுப்பு வெள்ளையாக எடுத்தால் வெளிறிய ஊதா முத்திரை மறைந்துபோகும். வைட்னர் தடவிய இடமும் சுத்தமான வெள்ளையாகத் தெரியும். சாதாரண கேமராவில், ஃபிளாஷ் போடாமல், ஜன்னலோர வெளிச்சத்தில், தாளின் நான்கு மூலையும் தெரிய ஒன்று எடுங்கள். பிறகு ஒட்டிய படத்தை மட்டும் நெருக்கமாக இன்னொன்று. படத்தின் பளபளப்பில் வெளிச்சம் அடித்துக் கையெழுத்து தெரியாவிட்டால் தாளைக் கொஞ்சம் சாய்த்து எடுத்தால் போதும். பளபளப்பான படத்தில் முத்திரை மை சீக்கிரம் காயாது. ஈரத்தோடு மடித்தால் அப்பிக்கொள்ளும். அதையும் பார்த்துவிட்டுக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் எங்களுக்கு அனுப்பச் சொல்வதானால் டாகுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக அனுப்பினால் தெளிவு குறைந்து, 1 எது 7 எது என்றே தெரிவதில்லை.

உங்கள் வாசலில் கூட்டம் ஏன் என்பதும் எங்களுக்குத் தெரியும். மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காகக் கவுன்சிலர் இல்லாமலே இந்த ஊர் ஓடியது. தெருமுனையில் கிடைக்கவேண்டிய கையெழுத்துக்குத் தொகுதி முழுக்க ஒரே அலுவலகத்துக்கு வந்தால் நெரிசல் ஆகத்தான் செய்யும். தேர்தலைத் தள்ளிப்போட்டவர்கள் யாரும் இந்த வரிசையில் நின்றதில்லை. அந்தக் கோபத்தை உங்கள் மேல் காட்டுவது நியாயமில்லை என்பதால் இதோடு நிறுத்துகிறோம்.

ஆனால் கூட்டம் இருக்கிறது என்பதற்காகவே இதைக் கேட்கிறோம். தப்பான தாளோடு போனவர் உங்களிடமே திரும்பி வருவார். மையத்தில் அசலை ஸ்கேன் செய்துகொண்டாலும் அது ஏற்கப்பட்டதாக ஆகாது. சரிபார்ப்பு பிறகுதான் நடக்கும். நிராகரிப்பு தெரியவரும்போது நாட்கள் ஓடியிருக்கும். அவர் மறுபடி கட்டணம் கட்டவேண்டும், நீங்கள் மறுபடி கையெழுத்துப் போடவேண்டும்.

எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லவில்லை. படத்தின் ஓரம், தேதிக் கட்டம், பின்கோடு, விண்ணப்பித்தவரின் கையெழுத்து, உங்கள் பெயரும் பதவியும் உள்ள இடம், இவ்வளவுதான். தப்பு இருந்தால் அங்கேயே புதுத்தாளில் எழுதிக்கொள்ள வெற்றுப் படிவங்கள் சிலவற்றை மேசையில் வையுங்கள். வெள்ளை ஏ4 தாளில் அச்செடுத்தாலே போதும். வருகிற திங்கட்கிழமையிலிருந்தே இதைத் தொடங்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஶ்ரீராமபுரம், அல்சூர் பகுதிகளில் படிவம் பார்த்துத் தரும் தன்னார்வலர்கள்