மிதக்கும் யானைகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

திரையில் வரும் கிராஃபிக்ஸ் விலங்குகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். தோலின் சுருக்கமும் முடியும் சரியாக வராததால்தான் யானை பொம்மைபோலத் தெரிகிறது என்று அதில் எழுதியிருந்தீர்கள். காட்சிகளை ஒட்டுச்சேர்க்கும் கம்போசிட்டிங் வேலையில் இருக்கும் எனக்கு இது பாதி உண்மையாகத்தான் படுகிறது. தோல் அருமையாக அமைந்த யானைகூட அளவும் காலடியும் தவறினால் காற்றில் மிதக்கும்.

ஒரு தெருக் காட்சியை எடுத்துக்கொள்வோம். சமதரையில் 1.5 மீட்டர் உயரத்தில் கேமரா நிற்கிறது. அப்படியென்றால் தொடுவானக் கோடு அந்தத் தெருவில் நிற்கும் எல்லாவற்றையும் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில்தான் வெட்டும். ஆண் யானையின் தோள் உயரம் சுமார் 2.7 மீட்டர். பாதத்திலிருந்து தொடுவானம் வரை திரையில் 250 பிக்சல் இருந்தால், தோள் 450 பிக்சலில் வர வேண்டும். யானை பக்கத்தில் வந்து அந்த 250 என்பது 400 ஆனால், தோள் 720 ஆகும். கண்மதிப்பில் பெரிதாக்கிச் சிறிதாக்கிப் பார்க்கத் தேவையில்லை. தெருவில் கட்டடங்கள் இருந்தால் தொடுவானம் கண்ணுக்குத் தெரியாது. தெருவோடு நீளும் கூரை விளிம்புகளும் திண்ணை விளிம்புகளும் போய்க் கூடும் புள்ளியை வைத்து அதைக் கண்டுபிடிக்கலாம். சரிவான தரையில் மட்டும் இந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

அடுத்தது பாதம். எடை இறங்கும்போது யானையின் பாதம் அகலமாகப் பரவும், தூக்கும்போது சுருங்கும். இந்த அசைவு இல்லாவிட்டால் எத்தனை டன் யானையும் அட்டைதான். ஊன்றிய பாதத்தின் அருகே தரையில் ஒரு கூழாங்கல்லைக் குறித்துக்கொண்டு காட்சியை ஓட்டிப் பாருங்கள். பாதம் அந்தக் கல்லைவிட்டு இரண்டு பிக்சல் நகர்ந்தாலும் வழுக்குவது தெரிந்துவிடும். அப்புறம், பாதத்துக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு மெல்லிய கருநிழல் வேண்டும். வெயில் இல்லாத மேகமூட்டத்திலும் அந்த நிழல் இருக்கும், அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

புழுதியில்தான் ஆர்வக்கோளாறு அதிகம். நிதானமாக நடக்கும் யானை மெத்தென்றுதான் அடி வைக்கும், பெரிதாகப் புழுதி கிளம்பாது. ஓடும்போது கிளம்பும் புழுதி கிளம்பிய இடத்திலேயே பின்தங்க வேண்டும். யானையோடு கூடவே வந்தால் புகை கக்கும் வண்டிபோல் இருக்கும். இந்தப் புழுதிக்காகக் கறுப்புத் துணிக்கு முன்னால் முல்தானி மட்டியைக் காலால் மிதித்துப் படமெடுத்து நான்கு மடங்கு பெரிதாக்கினால், அதன் வேகத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் புழுதியின் பரபரப்பே அது சின்னது என்று காட்டிக்கொடுத்துவிடும். அதைக் காட்சியின் மேல் ஸ்க்ரீன் என்ற கலப்பு முறையில் கலந்தால் கறுப்பு மறைந்து வெளிச்சம் மட்டுமே கூடும். பளீரென்ற வானத்துக்கு முன்னால் புழுதி காணாமல் போய்விடும். அங்கே அதன் பிரகாசத்தையே மறைப்பாக வைத்து மண்ணின் நிறத்தை இட வேண்டும். கொஞ்சம் புழுதி முன்னங்கால்களுக்கு முன்னாலும் மீதி கால்களுக்கு நடுவிலும் வரட்டும்.

தோலுக்கு மாதக்கணக்கில் உழைக்கும் படங்களில் இந்தக் கடைசி வேலைக்குச் சில நாட்கள்தான் கிடைக்கின்றன. அடுத்த முறை எழுதும்போது இதையும் கேட்டு எழுதுங்கள்.

– ஒரு கம்போசிட்டர், சாலிகிராமம், சென்னை