முன்பதிவுப் பக்கம் திறக்கவிருக்கும் சிறு பதிப்பகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பதிப்பகத் தோழர்களுக்கு,

வணக்கம். சென்னைப் புத்தகக் காட்சி நெருங்கும் மாதங்களில் உங்களில் பலர் சொந்த இணையதளத்தில் முன்பதிவு தொடங்குகிறீர்கள். பெரும்பாலும் வேர்ட்பிரஸ் தளம், அதன்மேல் வூகாமர்ஸ் கடை, பணம் வாங்க ரேசர்பே என்பதே உங்கள் அமைப்பாக இருக்கிறது. இத்தகைய கடைகளை அமைத்துக் கொடுப்பவன் என்ற முறையில், அறிவிப்பை வெளியிடுவதற்கு முந்தைய இரண்டு நாட்களை நீங்கள் எதில் செலவிட வேண்டும் என்று எழுதுகிறேன். முகப்புப் படத்தின் அளவையும் பொத்தானின் நிறத்தையும் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். வாசகர் பணம் செலுத்திய பிறகு நடப்பதைப் பற்றிப் பேசியதேயில்லை.

சோதனை நிலை என்பது பணம் மட்டும் பொய்யாக இருக்கும் நிலை. மற்றவை பெரும்பாலும் உண்மையாகவே நடக்கும். ரேசர்பே கணக்கில் `Test Mode` என்று மாற்றிக்கொண்டு, கடையை ரேசர்பேயோடு இணைக்கும் சாவியை எடுத்தால் அது `rzp_test_` என்று தொடங்கும். உண்மையான பணத்துக்கான சாவி `rzp_live_` என்று தொடங்கும். சோதனைச் சாவியைக் கடையில் பொருத்திவிட்டு, யூபிஐ முகவரி கேட்கும் இடம் இருந்தால் அதில் `success@razorpay` என்று இட்டால் பணம் வெற்றிகரமாகச் செலுத்தப்பட்டதாகவும், `failure@razorpay` என்று இட்டால் தோல்வியுற்றதாகவும் கணக்காகும். நெட் பேங்கிங்கைத் தேர்ந்தால் வங்கியின் பக்கத்துக்குப் பதிலாக `Success`, `Failure` என இரண்டு பொத்தான்கள் கொண்ட போலிப் பக்கம் வரும். இவற்றை வைத்து ஓர் ஆர்டர் போட்டுப் பார்த்து, நன்றி சொல்லும் பக்கம் தோன்றியதும் சோதனை முடிந்தது என்று எழுந்துவிடுவதுதான் வழக்கம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எழுந்தேன்.

ஒரு பதிப்பகத்துக்காக நான் அமைத்த கடையில் 450 ரூபாய் நூல், 50 ரூபாய் அஞ்சல் செலவு, ஆக 500 ரூபாய்க்கு முன்பதிவு தொடங்கிய முதல் மாலையே, பணம் போய்விட்டது, ஆனால் ஆர்டர் ரத்தானதாகக் காட்டுகிறது என்று வாசகர்கள் அழைத்தார்கள். தவறு என்னுடையது, அது எங்கே இருந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பணம் வந்த செய்தி கடைக்கு இரண்டு வழிகளில் வந்து சேர்கிறது. ஒன்று, வாசகரின் உலாவி பணம் செலுத்தும் சாளரத்திலிருந்து கடைப் பக்கத்துக்குத் திரும்பி வரும்போது கையோடு கொண்டுவரும் விவரம். மற்றொன்று, ரேசர்பேயின் சர்வர் உங்கள் கடையின் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் வெப்ஹூக் என்ற தானியங்கி அறிவிப்பு. சோதனையில் நாம் கணினியின் முன் பொறுமையாக உட்கார்ந்திருப்பதால் முதல் வழி எப்போதும் வேலை செய்துவிடும். உண்மையான வாசகரோ கைப்பேசியில் ஜிபேக்குத் தாவி, பின் எண்ணை இட்டு, பணம் போனதற்கான ஒலி கேட்டதும் அங்கேயே நின்றுவிடுகிறார். கடைப் பக்கத்துக்குத் திரும்புவதில்லை. அப்போது இரண்டாம் வழி மட்டுமே மிச்சம், நான் அதைப் பொருத்தியிருக்கவில்லை.

அதன் பிறகு நடந்தது வூகாமர்ஸின் இயல்பான நடத்தைதான். பணம் வந்ததை அறியாத கடை, அந்த ஆர்டரை `Pending payment` என்ற நிலையிலேயே வைத்திருந்தது. இருப்புக் கணக்கு இயங்கும் கடைகளில் `Hold stock (minutes)` என்றோர் அமைப்பு உண்டு. அதன் தொடக்க அளவு 60 நிமிடம். அந்த நேரத்துக்குள் பணம் வராத ஆர்டரைக் கடை தானாகவே ரத்து செய்து, பிரதியை மீண்டும் விற்பனைக்கு விட்டுவிடும். ஆக, பணம் கொடுத்த வாசகரின் பிரதி ஒரு மணி நேரம் கழித்து வேறொருவருக்கு விற்பனைக்கு வந்தது. நான் செய்த சோதனையில் இது தெரிந்திருக்கவே முடியாது, ஏனென்றால் ஒரு முறைகூட நான் பக்கத்தை மூடிப் பார்க்கவில்லை.

ஆகவே நீங்கள் போட வேண்டிய முதன்மையான சோதனை ஆர்டர் இதுதான். நெட் பேங்கிங் வழியே சென்று, போலிப் பக்கத்தில் `Success` பொத்தானை அழுத்திய கணமே திறந்திருக்கும் சாளரங்கள் அனைத்தையும் மூடிவிடுங்கள். வேகம் பிடிபட இரண்டு மூன்று முறை முயல வேண்டியிருக்கலாம். பிறகு ரேசர்பே கணக்கின் சோதனைப் பக்கத்தில் அந்தத் தொகை வசூலானதைக் குறிக்கும் `captured` என்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே பதிவாகியிருந்து, கடையில் ஆர்டர் சில நிமிடங்களில் `Processing` நிலைக்கு வந்திருந்தால் வெப்ஹூக் வேலை செய்கிறது என்று பொருள். அங்கே பணம் வந்திருக்க, இங்கே ஆர்டர் `Pending payment` நிலையிலேயே இருந்தால், உங்கள் கடையும் என்னுடைய பழைய கடையைப் போன்றதே. நான் இப்போது ஒரு படி கூடுதலாகவும் செய்கிறேன்: வெப்ஹூக்கை வேண்டுமென்றே நிறுத்திவைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்து, ஆர்டர் தேங்கி நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகே மீண்டும் இயக்குகிறேன். நிறுத்தியபோதும் ஆர்டர் நகர்ந்தால் சாளரத்தை நான் போதிய வேகத்தில் மூடவில்லை, முந்தைய வெற்றியையும் நம்பக் கூடாது.

அடுத்தது உறுதிச் செய்திகள். பணம் உலாவி வழியாகவும் வெப்ஹூக் வழியாகவும் இருமுறை அறிவிக்கப்படுவதாலும், ஒரே வெப்ஹூக் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வரக்கூடும் என்பதாலும், குறுஞ்செய்தி அனுப்பும் செருகுநிரல் கவனமின்றி எழுதப்பட்டிருந்தால் வாசகருக்கு ஒரே ஆர்டருக்கு இரண்டு செய்திகள் போகும். இரண்டு முறை பணம் எடுத்துவிட்டார்களோ என்று அவர் அஞ்சுவது இயல்பு. எனவே செய்தி வந்ததா என்று மட்டும் பார்க்காமல், எத்தனை வந்தன என்று எண்ணுங்கள். `failure@razorpay` கொண்டு போட்ட ஆர்டருக்கு உறுதிச் செய்தி ஒன்றுகூட வரக் கூடாது. பணம் சோதனைப் பணம் என்பது குறுஞ்செய்தி நிறுவனத்துக்குத் தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம். சோதனை ஆர்டரில் நீங்கள் இடும் எண்ணுக்கு உண்மையான செய்தி, உண்மையான செலவில் போகும். பழைய வாடிக்கையாளர் ஒருவரின் எண்ணை அவசரத்துக்கு இட்டுவிடாதீர்கள்.

தமிழில் குறுஞ்செய்தி அனுப்புவோருக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம் கிடைக்கிறது. தமிழில் 70 மட்டுமே. அந்த 70 நாம் எண்ணும் எழுத்துகளும் அல்ல. புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனி இடம் பிடிக்கும் என்பதால், நாம் 6 எழுத்து என்று எண்ணும் ‘பதிப்பகம்’ என்ற சொல் 9 இடத்தை எடுத்துக்கொள்கிறது. ஓர் எடுத்துக்காட்டு:

```
வணக்கம். உங்கள் முன்பதிவு 1042 பதிவானது. தொகை ரூ.500. நூல் ஜனவரி 10 முதல் அனுப்பப்படும்.
```

சுருக்கமாகத் தோன்றும் இச்செய்தி 88 இடம் கொள்கிறது. ஆகவே இரண்டு செய்திகளாகக் கணக்கிடப்பட்டு இரட்டைச் செலவாகும். மேலும், இந்தியாவில் வணிகச் செய்திகளின் மாதிரி வாசகமான வார்ப்பு, தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பதிவேடான டிஎல்டி தளத்தில் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும். பதிவு செய்த வார்ப்புக்கும் அனுப்பும் வாசகத்துக்கும் ஒரு சொல் வேறுபட்டாலும் செய்தி வாசகரைச் சென்றடையாது; கடையோ அனுப்பியாயிற்று என்றே காட்டிக்கொண்டிருக்கும். நூலின் பெயரைச் செய்தியில் சேர்ப்பதானால், உங்கள் பட்டியலிலேயே மிக நீளமான தலைப்பைக் கொண்ட நூலுக்குச் சோதனை ஆர்டர் போடுங்கள். நம் கவிதைத் தொகுப்புகளின் தலைப்புகள் வார்ப்பின் மாறும் இடத்துக்குள் அடங்குவதில்லை.

மின்னஞ்சலை உங்கள் பதிப்பகத்தின் சொந்த முகவரிக்கு அனுப்பிப் பார்ப்பது போதாது. அதே சர்வரில் இருக்கும் முகவரிக்கு எதுவும் வந்து சேரும். ஜிமெயில் முகவரி ஒன்றுக்கு ஆர்டர் போட்டு, வந்த மடலில் `Show original` என்பதைத் திறந்து, மடல் உண்மையில் உங்கள் தளத்திலிருந்தே வந்தது என்பதைச் சரிபார்க்கும் SPF, DKIM இரண்டும் `PASS` என்று இருக்கின்றனவா என்று பாருங்கள். அனுப்புநரின் அடையாளத்தில் கூகுள் 2024 பிப்ரவரி முதல் கண்டிப்பு காட்டுகிறது. பிறகு மடலை ஒரு வாசகராக ஒருமுறை படியுங்கள். வூகாமர்ஸ் தானாக அனுப்பும் வாசகம் ஆர்டர் கையாளப்படுவதாகச் சொல்லுமே தவிர, நூல் இன்னும் அச்சில் இருக்கிறது என்று சொல்லாது. அதை மாற்றாமல் விட்டால் அடுத்த வாரமே நூல் எங்கே என்ற அழைப்புகள் தொடங்கும்.

சோதனை நிலையால் காட்ட முடியாதவையும் உண்டு. அங்கே யூபிஐ முகவரி போலியானது என்பதால், கைப்பேசியில் உண்மையான செயலிக்குத் தாவி மீளும் பயணம் நிகழ்வதில்லை. அத்துடன் சோதனைக்கும் உண்மைக்கும் சாவிகளைப் போலவே வெப்ஹூக்கும் தனித்தனி. சாவியை மட்டும் மாற்றிவிட்டு வெப்ஹூக்கை மறந்தால், சோதனையில் ஓடிய எல்லாம் திறப்பு நாளில் ஓடாது. நேர்மாறான மறதியும் நடப்பதுண்டு: மின்னூல் விற்கும் கடை சோதனைச் சாவியோடு திறக்கப்பட்டால், போலி முகவரி தெரிந்த எவரும் காசின்றி நூலை இறக்கிக்கொள்வார்கள், கடையின் கணக்கில் அது விற்பனையாகவே பதிவாகும்.

அதனால் சாவிகளையும் வெப்ஹூக்கையும் மாற்றிய பின், அறிவிப்புக்கு முன்னதாக, பட்டியலில் தெரியாத 10 ரூபாய்ப் பொருள் ஒன்றை உருவாக்கி, உங்கள் கைப்பேசியிலிருந்து, வைஃபையை அணைத்துவிட்டு, உண்மையான யூபிஐ செயலியில் வாங்குங்கள். பணம் போன ஒலி கேட்டதும் கடைப் பக்கத்துக்குத் திரும்பாமல் கைப்பேசியைக் கீழே வையுங்கள். ஆர்டர் நகர்ந்து, ஒரே ஒரு குறுஞ்செய்தியும் ஒரே ஒரு மின்னஞ்சலும் வந்தபின், கடையிலிருந்தே அந்தத் தொகையைத் திருப்பி அனுப்பிப் பாருங்கள். திருப்பும் வழியும் சோதிக்கப்பட்டுவிடும். பணம் கணக்கில் சேரச் சில வேலை நாட்கள் ஆகலாம், சேவைக் கட்டணம் திரும்பாது, 10 ரூபாய்க்கு அது சில்லறைதான். கடைசியாகச் சோதனை ஆர்டர்களை நீக்கி, அவற்றால் குறைந்த இருப்பு எண்ணிக்கையைச் சரிசெய்து, அந்த 10 ரூபாய்ப் பொருளையும் எடுத்துவிட்டு அறிவிப்பை வெளியிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கடைகளை அமைத்துத் தருபவர்களில் ஒருவன்