வானொலியில் பேசிய ஓய்வூதியக் கணக்கு: எங்கள் மாதர் சுயஉதவிக் குழுவின் ஆண்டறிக்கை

தலைவி அவர்களே, பொருளாளர் அவர்களே, அக்காமாரே, தங்கைமாரே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழமைபோல் நடந்தன. வாடைக்காலத்தில் ஒன்று மட்டும் மழையால் நின்றுபோனது. சுழற்சிக் கடன் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார் என்பதால் அதற்குள் நான் போகவில்லை. இந்த வருடம் எங்களுக்கு அதிக வேலை தந்ததும், அதிகம் ஏச்சு வாங்கித் தந்ததும் வானொலிப் பேச்சுத்தான். அதைப் பற்றியே விரிவாக எழுதியிருக்கிறேன்.

பதினைந்து நிமிடம் தந்தார்கள். மாதம் கொஞ்சக் காசு கட்டி, வயது போன காலத்தில் ஓய்வூதியம் எடுப்பது எப்படி என்று எங்களுடைய பாஷையில் கதைக்க வேண்டும். கதைக்க நாங்கள் எடுத்துக்கொண்டது இலங்கை சமூகப் பாதுகாப்புச் சபையின் திட்டம். 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த சபை அது. அரச ஓய்வூதியம் இல்லாதவர்கள், அதாவது இடியப்பம் அவிப்பவர், கருவாடு விற்பவர், வீட்டில் தைப்பவர் போன்றவர்கள், 18 வயதுக்கும் 59 வயதுக்கும் இடையில் சேரலாம். 60 வயதிலிருந்து மாதாமாதம் பணம் வரும். அதற்கான உத்தியோகத்தரைப் பிரதேச செயலகத்திலேயே காணலாம். எங்களுக்கு அது திருகோணமலை பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம்.

எத்தனை வயதில் சேர்ந்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற சபையின் அட்டவணையை வாசிக்கத்தான் முதலில் நினைத்திருந்தோம். ஒலிப்பதிவுக்கு முதல் நாள் அறிவிப்பாளர் தடுத்துவிட்டார். "ஒரு பேச்சில் மூன்று எண்ணுக்கு மேல் வேண்டாம் அக்கா, காதில் நிற்காது" என்றார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது சரி. அட்டவணை வயதுக்கு வயது வேறு, இடைக்கிடை மாறவும் செய்யும். வானொலியில் கேட்ட எண்ணைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி போய் நின்று, "அதுதானே சொன்னீர்கள்" என்று சண்டை பிடித்தால் நாங்கள் என்ன செய்வது? அட்டவணையை அலுவலகத்தில் கண்ணால் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, ஏன் வயது முக்கியம் என்பதற்கு எங்கள் குழுவிலேயே இருக்கும் ஒரு தங்கையையும் அவளுடைய மச்சாளையும் வைத்துக் கணக்குப் போட்டோம். இரண்டு பேரும் ஒரே வளவில் இருப்பவர்கள். தங்கைக்கு 35, மச்சாளுக்கு 45. இருவரும் மாதம் 500 ரூபா கட்டத் தயார். நாளுக்குப் பார்த்தால் 17 ரூபா கூட வராது.

இது சபையின் அட்டவணை இல்லை, நாங்களே போட்ட சேமிப்புக் கணக்கு என்பதைப் பேச்சில் இரண்டு தரம் சொன்னோம். வருடத்துக்கு 8 வீத வட்டி மாதாமாதம் சேருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 வயதுக்காரி 60 மட்டும் 25 வருடம் கட்டுவாள். கையால் கொடுத்தது 1,50,000 ரூபா, கணக்கில் நிற்பது ஏறக்குறைய 4,75,000. 45 வயது மச்சாள் கட்டுவது 15 வருடம். கொடுத்தது 90,000, நிற்பது ஏறக்குறைய 1,73,000. கொடுத்ததில் உள்ள வித்தியாசம் 60,000 தான். கிடைப்பதில் உள்ள வித்தியாசமோ மூன்று லட்சம். அந்த முதல் பத்து வருடக் காசு அதிக காலம் கிடந்து வட்டிக்கு வட்டி போட்டதுதான் காரணம். தங்கையின் தொகையைப் பிடிக்க மச்சாள் மாதம் 1,370 ரூபாவுக்கு மேல் கட்ட வேண்டிவரும்.

மச்சாள் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப எனக்கு வேண்டாம் போல" என்றாள். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. 45 வயதில் தொடங்குகிறவள் சின்ன ஓய்வூதியத்தைத் தெரிவு செய்தால் தவணையும் சின்னதாக இருக்கும். தங்கை எடுக்கிற தொகையைப் பார்த்து அதையே தானும் எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டாம் வருடம் கட்ட முடியாமல் நிற்பதுதான் கூடாது.

அப்புறம் விலைவாசி. தங்கையின் 4,75,000 ரூபாவை அதே 8 வீத வட்டியில் வைத்துவிட்டு, 20 வருடத்தில் தீரும்படி மாதாமாதம் எடுத்தால் ஏறக்குறைய 3,970 ரூபா வரும். கேட்க நல்லாயிருக்கிறது. ஆனால் விலைவாசி வருடம் 5 வீதம் ஏறினால், 25 வருடம் கழித்து வரும் அந்த 3,970 இன்றைய 1,170 ரூபாவின் பெறுமதிதான். 5 வீதம் என்பது மத்திய வங்கி இலக்காக வைத்திருக்கும் அளவு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம் வரை போனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற வருடம் அது. ரூபாவில் ஒரே தொகையாக நிற்கிற ஓய்வூதியம் அரிசி விலையோடு சேர்ந்து ஏறாது. இதைச் சொன்னதற்காக, "ஆட்களைப் பயமுறுத்தி விட்டீர்கள்" என்று ஒரு அம்மா அடுத்த கூட்டத்தில் கேட்டார். பயமுறுத்தத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். இந்தக் கணக்கு மருந்துக் காசுக்கும் பஸ் காசுக்கும் உதவும். அதை மட்டும் நம்பி, உள்ள காணித்துண்டையோ கோழிக்கூட்டையோ விற்றுவிடக் கூடாது.

வருமானம் மாதாமாதம் ஒரே மாதிரி வராததுதான் எங்கள் பெண்களின் அடுத்த பிரச்சினை. ஏப்ரல் தொடங்கி செப்டெம்பர் வரை கடல் அமைதி. மீனும் வரும், நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் ஆட்களும் வருவார்கள். வாடை அடிக்கத் தொடங்கினால் கடலும் இல்லை, விருந்தாளியும் இல்லை. மார்கழியில் 500 ரூபாவும் பெரிய காசு. அதனால்தான், கட்டப்போகும் இடத்தில் மூன்று மாதத்துக்கு, ஆறு மாதத்துக்கு, வருடத்துக்கு ஒரு தரம் கட்டும் வழி உண்டா என்று முதலே கேளுங்கள் என்றோம். ஆறு நல்ல மாதத்தில் 1,000 வீதம் ஒதுக்கினால் வருடத்துக்கான 6,000 வந்துவிடும். ஒதுக்கிய காசு சேமிப்புப் புத்தகத்தில் தனியாகக் கிடக்க வேண்டும். சீட்டுக் காசோடு கலந்தால் சீட்டோடு போய்விடும்.

பிழைகளையும் எழுதத்தான் வேண்டும்.

முதல் பிழை என்னுடையது. பேச்சின் தொடக்கத்தில், "60 வயதில் மாதாமாதம் காசு வரும்" என்றேன். முதலில் வருடக்கணக்காகக் கட்ட வேண்டும் என்பது நாலு நிமிடம் கழித்துத்தான் வந்தது. இடையில் வானொலியைத் திறந்தவர்கள் வேறுவிதமாக விளங்கிக்கொண்டார்கள். அடுத்த நாள் காலையில் மூன்று வயதான அம்மாமார் குடையோடு எங்கள் பொருளாளரின் வாசலில் நின்றார்கள். அவர்கள் தேடியது, 70 வயதுக்கு மேற்பட்ட வருமானம் குறைந்த முதியோருக்கு அரசாங்கம் கொடுக்கும் கொடுப்பனவு. அது எதுவும் கட்டாமல் வருவது, கிராம உத்தியோகத்தர் வழியாக விசாரிக்க வேண்டியது. இது நாங்களே கட்டி எடுப்பது. தேநீர் கொடுத்து விளங்கப்படுத்தி அனுப்பினோம். அடுத்த முறை பேசினால் இந்த இரண்டுக்குமான வித்தியாசம்தான் முதல் வாக்கியம்.

இரண்டாவது, பேச்சில் நாங்கள் சொல்லாமலே விட்ட ஒன்று. மச்சாளைச் சேர்க்க ஆவணங்களை எடுத்தபோதுதான் தெரிந்தது. அடையாள அட்டை இலக்கத்தின் முதல் எண்கள் 80 574. பழைய அட்டையில் முதல் இரண்டு எண் பிறந்த வருடம், அடுத்த மூன்று எண் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 574இல் 500ஐக் கழித்தால் 74ஆம் நாள். ஜனவரிக்கு 31, பெப்ரவரிக்கு எப்போதும் 29 என்று எண்ண வேண்டும், ஆக மார்ச் 14. புதிய பன்னிரண்டு இலக்க அட்டையிலும் இதே முறைதான், வருடம் மட்டும் நான்கு எண்ணாக இருக்கும். மச்சாளின் அட்டைப்படி 1980 மார்ச் 14. தாய் வீட்டுப் பெட்டிக்குள் கிடைத்த பிறப்புச் சான்றிதழில் 1982. இடம்பெயர்ந்த காலத்தில் சான்றிதழ் தொலைந்துவிட்டது என்று நினைத்து, உத்தேச வயதுச் சான்றிதழை வைத்து அட்டை எடுத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இப்படி எத்தனையோ வீடுகள்.

இரண்டு வருடம்தானே என்று விடலாமா? தவணையைத் தீர்மானிப்பது வயது, ஓய்வூதியம் தொடங்கும் நாளும் வயதுதான். 60இல் போய் நிற்கும்போது இரண்டு ஆவணம் இரண்டு திகதி சொன்னால், அந்த வயதில் ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு அலைவது யார்? இப்போதே கிராம உத்தியோகத்தரிடம் போய் அட்டையைத் திருத்த விண்ணப்பம் கொடுத்திருக்கிறாள். பெயரும் அப்படித்தான். தேவி என்பதை ஆங்கிலத்தில் ஒரு இடத்தில் ரி.எச் போட்டும், வங்கிப் புத்தகத்தில் டி போட்டும் எழுதியிருந்தார்கள். இரண்டையும் ஒன்றாக்கிய பிறகே கணக்குத் திறக்கச் சொன்னோம். இன்னும் முடியவில்லை.

மூன்றாவது பிழை எங்கள் குழுவில் நடந்தது. பழைய கதை, ஆனால் சொல்ல வேண்டியது. ஓர் உறுப்பினர் தன் தவணையைத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துக் கட்டச் சொல்லியிருக்கிறார். பதினொரு மாதம் கொடுத்தார். பற்றுச்சீட்டு இருப்பது நான்குக்குத்தான். அந்த ஆள் யார் என்பது இங்கே தேவையில்லை. காசைக் கொடுத்த அன்றே தன் பெயரும் தன் இலக்கமும் உள்ள பற்றுச்சீட்டை வாங்கி, கைபேசியில் படம் எடுத்து, தாளைப் பெட்டியில் வைப்பது இப்போது எங்கள் குழுவின் விதி. வருடத்துக்கு ஒரு தரம் அலுவலகத்தில் போய், எத்தனை தவணை பதிவாகியிருக்கிறது என்று கேட்டு எழுதி வாங்கவும் தீர்மானித்திருக்கிறோம். வாரிசு பெயரையும் அன்றே பார்க்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் சேர்ந்த ஒருத்தியின் படிவத்தில் இன்னமும் காலமான தாயின் பெயர்தான் கிடந்தது.

ஹோட்டலில் வேலை செய்யும் உறுப்பினர்கள் இரண்டு பேரும் தங்களுக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துப் பேச்சைக் கேட்கவே இல்லை. அவர்கள் சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழிகிறது, முதலாளி 12 வீதம் போட வேண்டும். அது உண்மையில் போகிறதா என்று இதுவரை ஒருவரும் பார்க்கவில்லை. பெண்கள் அந்த நிதியை 50 வயதில் எடுக்கலாம். எடுத்து வீடு திருத்தி முடித்தால் 60க்குப் பிறகு என்ன என்ற கேள்வி அவர்களுக்கும் உண்டு. அதை அடுத்த கூட்டத்துக்கு வைத்திருக்கிறேன்.

பேச்சுக்குப் பிறகு எங்கள் குழுவிலிருந்து ஐந்து பேர் கணக்குத் திறந்தார்கள். கணக்கில் வந்த 35 வயதுத் தங்கை அதில் ஒருத்தி. வேறு இரண்டு பேர், இடையில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பி வரும் என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகுதான் சேருவோம் என்று சொல்லிப் போயிருக்கிறார்கள். அவர்கள் செய்வது சரிதான். ஒலிப்பதிவு பொருளாளரின் கைபேசியில் இருக்கிறது. கேட்க விரும்புகிறவர்கள் என் முதல் நாலு நிமிடத்தையும் பொறுத்துக்கொண்டு கேட்கவும்.

மச்சாளின் அட்டைத் திருத்தத்துக்காக அடுத்த திங்கட்கிழமை பிரதேச செயலகத்துக்குப் போகிறோம். உங்கள் அட்டையிலும் சான்றிதழிலும் திகதி வேறாக இருந்தால் இரண்டின் பிரதியையும் எடுத்துக்கொண்டு காலை எட்டரைக்கு எங்களோடு வாருங்கள்.

செயலாளர்
திருகோணமலை